இரண்டு வார்த்தையில் விடுபட்டுப்போவது

"கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 26. சீசனில் ஒரு நாளைக்கு அறுபது எழுபது வாட்ஸ்அப் மெசேஜ் தோட்டக்காரர்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் அனுப்ப வேண்டியிருக்கும். போன ஜூனில் ஒரு பெரியவருக்கு 'லோடு வேண்டாம்.' என்று அனுப்பினேன். 'நான் என்ன கையேந்தியா நின்னேன்?' என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டு, அதிலிருந்து வேறு ஆலைக்குக் காய் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மரியாதையாக எழுது என்றார்கள். வணக்கம், நலமா என்று எழுதிப் பார்த்தேன். யாரும் முழுசாகப் படிப்பதில்லை. வேண்டாம் என்று சொன்ன நாளிலேயே இரண்டு டிராக்டர் வந்து நின்றது. சுருக்கினால் திமிர் என்கிறார்கள், நீட்டினால் படிப்பதில்லை. எப்படித்தான் எழுதுவது?"

— பெயர் வேண்டாம் என்ற வாசகி, போச்சம்பள்ளி வட்டம்

அதே செய்தியை நீங்கள் போனில் சொல்லியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்காது. "இன்னைக்கு வேண்டாங்க" என்று சொல்லும்போது குரல் தானாகக் கொஞ்சம் இழுக்கும். சொல்லத் தயங்குவது கேட்கும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிப்பதும், எடைமேடையில் யாரோ நம்பர் கூப்பிடுவதும் கேட்கும். யார்டு நிரம்பிவிட்டது என்று நீங்கள் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிடும். எழுத்தில் இது எதுவும் போய்ச் சேராது. போய்ச் சேராத இடத்தைப் படிப்பவர் வெறுமனே விட்டுவைப்பதும் இல்லை. தன் மனதில் அன்றைக்கு என்ன பயம் இருக்கிறதோ அதைப் போட்டு நிரப்பிக்கொள்வார்.

கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காயைப் பறித்து வைத்திருப்பவரின் மனதில் அன்றைக்கு இருக்கும் பயம் விலைதான். உங்கள் மாவட்டத்தில் கூழுக்குப் போகும் காய்க்கு என்ன விலை என்பது சீசனுக்குச் சீசன் இழுபறியாகி, கலெக்டர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் வரைக்கும் போகிற விஷயம். அப்படி இருக்க "லோடு வேண்டாம்" என்று மட்டும் வந்தால் அவர் எப்படிப் படிப்பார்? 'விலையை இறக்கப் பார்க்கிறார்கள்', 'நம் காய் மட்டம் என்கிறார்கள்', 'நம் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்'. நீங்கள் எழுதியது இரண்டு வார்த்தை. அவர் படித்தது இந்த மூன்றில் ஏதோ ஒன்று.

மின்னஞ்சலில் உணர்ச்சி எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று 2008-ல் கிறிஸ்டின் பைரன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அவர் முன்வைத்த கருத்து உங்கள் வேலைக்கு அப்படியே பொருந்தும். மகிழ்ச்சியாக எழுதியதைப் படிப்பவர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார். சாதாரணமாக எழுதியதைக் கசப்பாக எடுத்துக்கொள்கிறார். அதாவது எழுத்து வழியில் போகும்போது ஒரு படி இறங்கிவிடுகிறது. நீங்கள் சாதாரணமாகத்தான் எழுதினீர்கள்; ஒரு படி இறங்கிப் போய்ச் சேர்ந்தது. அதனால் எழுதும்போது ஒரே ஒரு படி ஏற்றி எழுதினால் போதும். வணக்கம், நலமா, நம்புகிறோம் என்று ஐந்து படி ஏற வேண்டிய தேவையே இல்லை.

தமிழில் அந்த ஒரு படி வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. "வேண்டாம்" என்பதை "வேண்டாங்க" என்று எழுதிப் பாருங்கள். வார்த்தை கூடவில்லை. உங்கள் பக்கத்தில் பேச்சில் "ங்க" இல்லாமல் பெரியவரிடம் யாரும் பேசுவதில்லை. "சரிங்க", "இல்லைங்க", "வந்துடுச்சுங்களா" என்று வாயில் வருவதைத் தட்டச்சு செய்யும்போது மட்டும் நாம் உதிர்த்துவிடுகிறோம், எழுத்தென்றால் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பழக்கத்தால். பேச்சில் எப்போதும் இருக்கும் ஒன்று எழுத்தில் இல்லாமல் போனால், வேண்டுமென்றே எடுத்துவிட்டதாகத்தான் படிப்பவருக்குத் தோன்றும்.

இதோடு சேர்ந்து இன்னொரு வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அதைப் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். "அனுப்பவும்", "வரவும்", "தெரிவிக்கவும்" என்ற வடிவம். இதில் நீ, நீங்கள் என்ற பிரிவே கிடையாது. யாருக்கு எழுதினாலும் தவறாகாது என்ற நிம்மதி எழுதுகிறவருக்கு. ஆனால் இது அறிவிப்புப் பலகையின் வடிவம். "வரிசையில் நிற்கவும்", "செருப்பை வெளியே விடவும்" என்று முகம் தெரியாத கூட்டத்துக்குச் சொல்வது. இருபது வருடமாகக் காய் கொடுக்கிற ஒருவரின் போனுக்குத் தனியாக "நாளை 7 மணிக்கு வரவும்" என்று போனால், அவரையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிறுத்துகிறது. "நாளைக்கு 7 மணிக்கு வாங்க" என்று எழுதினால் நீளம் அதேதான். ஆனால் அவரிடம் பேசுவதாக இருக்கும். கேட்டில் ஒட்டும் தாளுக்கும், எல்லோருக்கும் சேர்த்துக் குழுவில் போடும் நேரப் பட்டியலுக்கும் "வரவும்" இருக்கட்டும். தனி ஆளுக்கு வேண்டாம்.

உங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓசூர், பர்கூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. பேச்சுத் தமிழ் சரளமாக இருக்கும். "பெற இயலாத நிலையில் உள்ளோம்" போன்ற அலுவலகத் தமிழ் அவர்களுக்குத் தடுக்கும். பல வீடுகளில் மெசேஜைப் படிப்பதே பெரியவர் கிடையாது. மகனோ பேத்தியோ படித்துச் சொல்வார்கள். நீங்கள் எழுதியது அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து சத்தமாக வெளியே வரும், சுற்றி நாலு பேர் இருக்கும்போது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை அப்படிக் கற்பனை செய்து பாருங்கள். "லோடு வேண்டாம்" என்று ஒரு பதினைந்து வயதுப் பையன் தாத்தாவிடம் படித்துச் சொல்வது எப்படிக் கேட்கும் என்று. அந்தப் பெரியவர் கையேந்தியதாக உணர்ந்தது எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

மறுப்புச் சொற்களில் தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. "எடுக்க முடியாது" என்பதும் "எடுக்க முடியலைங்க" என்பதும் ஒன்றல்ல. "முடியாது" என்பது முடிவு. கதவைச் சாத்தியாகிவிட்டது, அதுவும் சாத்தியவர் நீங்கள்தான். "முடியலை" என்பது நிலைமை. பார்த்தோம், இன்றைக்கு அமையவில்லை. "தெரியாது", "தெரியலைங்க" என்பதிலும் இதே வித்தியாசம்தான். பில் எப்போது பாஸ் ஆகும் என்று கேட்டவருக்கு "தெரியாது" என்று எழுதினால், தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை என்று பொருள்படும். "தெரியலைங்க, அக்கவுண்ட்ஸ்ல கேட்டு 4 மணிக்குச் சொல்றேன்" என்றால் அவர் நாலு மணி வரை நிம்மதியாக வேறு வேலை பார்ப்பார். ஆனால் ஒன்று: உண்மையிலேயே முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் "முடியலைங்க" என்று மழுப்பாதீர்கள். இந்தச் சீசனுக்குக் கொள்முதல் முடிந்துவிட்டது என்றால் "இந்த வருஷம் இதோட முடிச்சுட்டோங்க" என்று நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. அமையவில்லை என்று நம்பி அவர் நாலு நாள் காயை வைத்திருந்து அழுகவிட்டால், அந்த மென்மை அவருக்குப் பண நஷ்டமாகிவிடும்.

இனி அந்த ஒரு மெசேஜையே எடுத்துக்கொள்வோம். நீட்டி எழுதியபோது ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருப்பீர்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். தவிர்க்க முடியாத காரணங்களால் இன்று தங்கள் லோடைப் பெற இயலாத நிலையில் உள்ளோம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இருபது வார்த்தை. ஆனால் அவருக்குக் கிடைத்த செய்தி முன்பிருந்த அதே இரண்டு வார்த்தைதான். முதல் ஏழு வார்த்தையில் விஷயமே வரவில்லை. போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது மெசேஜின் தொடக்கம் மட்டும்தான். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்கிறார்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டுவிடுவார். உங்கள் கேட்டில் வந்து நின்ற டிராக்டர்கள் இப்படித்தான் வந்திருக்க வேண்டும். "தவிர்க்க முடியாத காரணங்கள்" என்பதும் காரணத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட வெற்றிடம். அதே சந்தேகங்களை அதிலும் நிரப்பிக்கொள்ளலாம். முன்பைவிட இது மோசம் என்றுகூடச் சொல்வேன். இரண்டு வார்த்தை எழுதியவர் அவசரத்தில் இருந்திருப்பார் என்றாவது நினைக்கலாம். இருபது வார்த்தை எழுத நேரம் இருந்தவர் காரணத்தை மட்டும் சொல்லவில்லை என்றால், மறைக்கிறார் என்றுதான் படும்.

அந்தப் பெரியவருக்கு அன்றைக்குத் தெரிய வேண்டியது என்ன என்று யோசியுங்கள். அனுப்பலாமா வேண்டாமா என்பது முதலில். ஏன் என்பது அடுத்தது, தன் மேல் குறையா என்று தெரிந்துகொள்ள. மூன்றாவதைப் பெரும்பாலும் எல்லோருமே விட்டுவிடுகிறார்கள்: இப்போது நான் என்ன செய்யட்டும்? காய் இன்னும் மரத்தில் இருந்தால் ஆளை நிறுத்திவிடலாம். பறித்து டிராக்டரில் ஏற்றியாகிவிட்டது என்றால் அவர் நிலைமையே வேறு. கூலி கொடுத்தாகிவிட்டது, வண்டி வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, வெயிலில் காய் சூடேறுகிறது. இந்த இரண்டில் அவர் எதில் இருக்கிறார் என்று கேட்பதுதான் ஆயிரம் வணக்கத்தைவிடப் பெரிய மரியாதை. அவருடைய தோட்டத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று அது காட்டும்.

"ஐயா, இன்னைக்கு லோடு வேண்டாங்க. நேத்து வந்த வண்டியே இன்னும் இறங்கலை. பறிச்சு வெச்சிருந்தா சொல்லுங்க, நாளைக்கு முதல்ல எடுத்துக்கறோம்."

பதினைந்து வார்த்தை. முடிவு நாலாவது வார்த்தையில் வந்துவிட்டது. பூட்டிய திரையிலேயே தெரியும். காரணம் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று, விலைச் சந்தேகத்துக்கு இடமில்லை. கெட்ட செய்தியை முன்னால் சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே, காரணத்தை முதலில் சொல்லலாமா என்று கேட்கத் தோன்றும். கடிதம் என்றால் அப்படி எழுதலாம். வழியில் ஒரு டிராக்டர் வந்துகொண்டிருக்கும்போது கூடாது. காரணம் உடனே பின்னால் வந்தால் போதும், ஒரே மூச்சில் படிக்கிற தூரத்தில்.

கடைசி வாக்கியம் ஒரு வாக்குறுதி என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நாளைக்கு முதலில் எடுப்பது உங்கள் கையில் இல்லை என்றால் அதை எழுதக் கூடாது. "நாளைக்கு எடுக்கிற விவரம் சாயங்காலம் 5 மணிக்குச் சொல்றேன்" என்பதும் நல்ல முடிவுதான், ஐந்து மணிக்குச் சொல்வதாக இருந்தால். எதையுமே சொல்ல முடியாத நாளில் "நாளைக்கு எப்படின்னு இன்னும் தெரியலைங்க, அதனால பறிக்க வேண்டாங்க" என்று எழுதுங்கள். மரத்தில் இருக்கும் காய் இன்னும் அவர் கையில் இருக்கும் காய்.

"ஐயா" என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் போனில் அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அதையே எழுதுங்கள். வழக்கமாக "அண்ணா" என்று பேசிவிட்டு மறுக்கிற நாளில் மட்டும் "ஐயா" என்று எழுதினால், மரியாதை கூடியதாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார், விலகிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் இதேதான்: நேரில் அக்கா என்றால் எழுத்திலும் அக்கா. பழக்கம் இல்லாத புது ஆளுக்கு ஐயா, அம்மா.

எல்லா மெசேஜுக்கும் இவ்வளவு வேண்டுமா? வேண்டாம். அறுபது மெசேஜிலும் காரணமும் அடுத்த வழியும் எழுதிக்கொண்டிருந்தால் நீங்கள் மதியச் சாப்பாடு சாப்பிட முடியாது. மரியாதை மொழிகளில் எப்படி அமைகிறது என்பதை ஆராய்ந்தவர்களில் பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரின் 1978-ஆம் ஆண்டு ஆய்வு இன்றுவரை அடித்தளமாக இருக்கிறது. அவர்கள் ஒப்பிட்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், அதுவும் கோவை மாவட்டத்து ஊர் ஒன்றில் கேட்ட பேச்சு. ஒரு பேச்சுக்கு எவ்வளவு மரியாதைப் பூச்சு தேவை என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்றார்கள்: இருவருக்கும் உள்ள பழக்கத்தின் தூரம், யார் கை மேலே என்பது, கேட்கிற அல்லது சொல்கிற விஷயத்தின் சுமை. உங்கள் மேசையில் இதை வைத்துப் பார்த்தால் எளிது. "2-ம் கேட்டுக்கு வாங்க" என்று ஓட்டுநருக்கு எழுதுவதில் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மூன்று வார்த்தை போதும், அதில் ஒரு குறையும் இல்லை. லோடு வேண்டாம் என்பதில் அவர் பணம் இருக்கிறது. அதோடு வாங்குகிற இடத்தில் இருப்பவர் நீங்கள். வயதில் அவர் பெரியவராக இருந்தாலும் அன்றைக்குக் கை உங்களுடையதுதான் மேலே. மேலே இருக்கும் கை சுருக்கமாக எழுதினால் அது அதிகாரமாகத் தெரியும். அதே மாதிரி சுருக்கமாக அவர் உங்களுக்கு எழுதியிருந்தால், "இன்னைக்கு லோடு இல்லை" என்று, உங்களுக்குக் கோபம் வந்திருக்காது. ஆகவே பட்டியலில் யாருக்குப் பணம் குறையப்போகிறது, யாருக்குக் காத்திருப்பு நீளப்போகிறது என்று மட்டும் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். முழு மெசேஜ் அவர்களுக்கு.

அந்தப் பத்துப் பேருக்கு எழுதுவதிலும் மிகக் கடினமானது கழிவு, அதாவது கெட்ட காய்க்காக எடையில் பிடிப்பது. "கழிவு 6%." என்று அனுப்பினால் சண்டை வருவது உறுதி, ஏனென்றால் அதில் குற்றச்சாட்டு மட்டும்தான் இருக்கிறது, ஆதாரம் இல்லை. "6% கழிவு போடப்பட்டுள்ளது" என்று எழுதினால் இன்னும் சிக்கல். யார் போட்டது என்பதை வாக்கியம் ஒளித்துவைக்கிறது, படிப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார். "போட்டிருக்காங்க" என்றால் பழியை வேறு யார் மேலோ தள்ளுகிறீர்கள். "போட்டிருக்கோம்" என்று ஏற்றுக்கொண்டு எழுதுங்கள்:

"அண்ணா, உங்க லோடு 4,200 கிலோ. அடிபட்ட காய் இருந்ததால 6% கழிவு, 252 கிலோ போட்டிருக்கோம். போட்டோ கீழே அனுப்பியிருக்கேன். சந்தேகம் இருந்தா 5 மணிக்குள்ள கூப்பிடுங்க, காய் இன்னும் தனியாத்தான் இருக்கு."

சதவீதத்தைக் கிலோவாக மாற்றிச் சொல்வது முக்கியம். சதவீதத்தை மட்டும் கொடுத்தால் கணக்குப் போடும் வேலை அவருடையதாகிறது, போடும்போதே கோபமும் ஏறுகிறது. போட்டோவும், காய் தனியாக இருக்கிறது என்பதும் இங்கே மரியாதை வார்த்தைகளின் வேலையைச் செய்கின்றன: உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம், எங்கள் பேச்சை நம்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. இதற்கும் ஒரு எல்லை உண்டு. கழிவு வழக்கத்தைவிட மிக அதிகமாகப் போய்விட்டாலோ, முழு லோடையே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தாலோ எழுத்தில் தொடங்காதீர்கள். முதலில் போன், பேசி முடித்த பிறகு, பேசியதன் பதிவாக இந்த மெசேஜ். முன்பின் மாறினால் அவர் மெசேஜைப் பிறருக்குக் காட்டிவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவார்.

மரியாதைக்காகச் சேர்க்கும் சில சொற்கள் எதிர்வேலை செய்வதையும் சொல்லிவிடுகிறேன். "தயவுசெய்து" பேச்சில் அதிகம் புழங்காத சொல். நாம் அதை அதிகமாகப் பார்ப்பது எச்சரிக்கைப் பலகைகளில். அதனால் மெசேஜில் வந்தால் கெஞ்சல் தெரிவதற்குப் பதிலாகச் சலிப்புதான் தெரியும்: "தயவுசெய்து சரியான நேரத்திற்கு வரவும்." அந்த வேலையைத் தமிழில் செய்கிற சொல் "கொஞ்சம்". "பட்டா நகல் கொஞ்சம் அனுப்புங்க" என்பதில் கொஞ்சமாக அனுப்பச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மறுப்புக்குப் பின்னால் "நன்றி" போடாதீர்கள். நீங்கள் கிளம்பலாம் என்று சொல்வதாக இருக்கும். "மன்னிக்கவும்" உங்கள் தரப்பில் தவறு நடந்திருந்தால் மட்டும். யார்டு நிரம்பியதற்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருந்தால், டோக்கனை மாற்றிக் கொடுத்துவிட்ட நாளில் கேட்க உங்களிடம் சொல் மிச்சம் இருக்காது.

பதில் அனுப்பும்போது வெறும் "சரி" வேண்டாம். தமிழில் "சரி" என்பது ஒப்புக்கொள்வதும்தான், 'சரி விடு' என்று பேச்சை வெட்டுவதும்தான். எழுத்தில் எது என்று தெரியாது. "சரிங்க" என்றால் ஒப்புக்கொண்டது மட்டும். ஆங்கிலத்தில் இதே வேலையை முற்றுப்புள்ளி செய்கிறது. 2015-ல் அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தால் அந்தப் பதில் மனமில்லாமல் சொன்னதாகப் படித்தார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் வரவில்லை. பேச்சுப்போல ஓடும் மெசேஜில் புள்ளி ஒரு கதவடைப்பு மாதிரி. நீங்கள் அனுப்பிய "லோடு வேண்டாம்." என்பதிலும் ஒரு புள்ளி இருக்கிறது. ஓரிரு வார்த்தை மெசேஜில் அதை விட்டுவிடலாம். இரண்டு மூன்று வாக்கியம் எழுதும்போது வழக்கம்போல வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பொருள் மாறும்.

பதில் வராதபோது கேள்விக்குறியை மட்டும் அனுப்புவதும், "ஏன் வரலை" என்று கேட்பதும் நிறையப் பேரிடம் உள்ள பழக்கம். "ஏன்" என்றாலே எதிரில் இருப்பவர் விளக்கம் சொல்லும் கூண்டில் ஏறிவிடுகிறார். "டிராக்டர் கிளம்பிடுச்சுங்களா? 1 மணிக்கு எடைமேடையை நிறுத்திடுவாங்க" என்று எழுதினால், கேட்பதற்கான காரணமும் அவருக்குப் பயன்படும் தகவலும் ஒன்றாகவே போய்விடும்.

நேரம் மிச்சமாக ஒரு வழி. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் Quick replies என்ற வசதி இருக்கிறது. ஐம்பது பதில்கள் வரை சேமிக்கலாம். `/loadillai` என்று தட்டினால் நீங்கள் சேமித்த வாக்கியம் வந்து நிற்கும். நாலைந்து போதும்: லோடு வேண்டாம், கழிவு, நேர மாற்றம், பணம் தாமதம். ஆனால் காரணம் வரவேண்டிய இடத்தில் மூன்று புள்ளி மட்டும் வைத்துச் சேமியுங்கள், ஒவ்வொரு முறையும் கையால் நிரப்ப வேண்டும் என்பதற்காக. காரணத்தையும் சேர்த்துச் சேமித்துவிட்டால், மூன்றாவது முறை "நேத்து வந்த வண்டியே இன்னும் இறங்கலை" என்று அதே எழுத்தில் போகும்போது அவர் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். தோட்டக்காரர்கள் சந்தையிலும் டீக்கடையிலும் சந்தித்துக்கொள்கிறார்கள். ஒருவர் போனை இன்னொருவர் பார்க்கிறார்.

ஒரு மெசேஜ் தவறாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? திட்டு வருவதற்கு முன்பே அடையாளம் தெரியும். வழக்கமாக "சரிங்கம்மா" என்று எழுதுகிறவர் "சரி" என்று எழுதுவார். எப்போதும் உங்களைக் கூப்பிடுகிறவர் மேனேஜரைக் கூப்பிடுவார். இரண்டு நீல டிக் விழுந்து நாள் முழுக்கப் பதில் இருக்காது. அப்போது விளக்கம் எழுதி அனுப்பாதீர்கள். எழுத்தில் உண்டான காயத்தில் இன்னும் எழுத்தைத் தடவுவதாகிவிடும். அன்றைக்கே இரண்டு நிமிடம் போன்.

விலகிப்போன பெரியவரிடமும் அதைத்தான் செய்ய வேண்டும், மெசேஜ் வழியாக அல்ல. சீசன் தொடங்கிக் காய் தேவைப்படும்போது கூப்பிட்டால் காய்க்காகக் கூப்பிடுவதாகிவிடும்; அதற்கு முன்பே, மாமரம் பூவெடுத்திருக்கும் சமயத்தில் ஒரு சாயங்காலம் கூப்பிடுங்கள். "ஐயா, போன ஜூன்ல லோடு வேண்டாம்னு ரெண்டு வார்த்தையில அனுப்பிட்டேன். அன்னைக்கு யார்டு நிரம்பி வண்டி இறங்காம நின்னுது, அதைச் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்புங்க." அவ்வளவுதான். காய் கொடுங்கள் என்று அந்தப் போனில் கேட்க வேண்டாம். இந்த வருஷம் பூ எப்படி என்று கேளுங்கள், அவர் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள்.